மினாக்சிடிலை நிறுத்திவிட்டு ரோஸ்மேரி எண்ணெய்க்கு மாறலாமா? ஆறாவது வாரத்தில் முடி கூடுதலாகக் கொட்டுகிறது

கொருக்குப்பேட்டை27

வணக்கம் நண்பர்களே. எனக்கு வயது 27, துறைமுகம் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, பகல் முழுக்க தலையில் ஹெல்மெட். இரண்டு வருடமாக உச்சந்தலையில் முடி மெலிந்துகொண்டே வருகிறது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் முப்பதிலேயே சொட்டை. தோல் டாக்டரிடம் காட்டினேன், 5% மினாக்சிடில் காலையும் இரவும் 1 மில்லி தடவச் சொன்னார். தடவ ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. பிரச்சினை என்னவென்றால், முன்பைவிட இப்போதுதான் அதிகமாகக் கொட்டுகிறது. நேற்று தலைக்குக் குளித்ததும் பாத்ரூம் சல்லடையில் நின்ற முடியை ஒரு பேப்பரில் எடுத்துப் பரப்பி எண்ணினேன், 140க்கு மேல். கை நடுங்கிவிட்டது.

கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒரு 10 மில்லி ரோஸ்மேரி எண்ணெய் பாட்டில் கொடுத்தார். மினாக்சிடிலும் இதுவும் ஒன்று என்று ஆராய்ச்சியே வந்துவிட்டது என்றார். ராத்திரி ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் அதை 15 சொட்டு விட்டுத் தேய்த்தேன், அரை மணி நேரத்தில் உச்சந்தலை முழுக்க எரிச்சல், தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமா? மினாக்சிடிலை விட்டுவிட்டு இதற்கு மாறட்டுமா?

எருக்கஞ்சேரி_சதீஷ்

மாறிவிடு ப்ரோ, யோசிக்காதே. ஈரானில் 2015ல் ஆராய்ச்சி வந்தது, 100 பேரை இரண்டாகப் பிரித்து 50 பேருக்கு ரோஸ்மேரி, 50 பேருக்கு மினாக்சிடில், ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் வித்தியாசமே இல்லை. மினாக்சிடில் பக்கம் அரிப்புதான் அதிகம். அப்புறம் எதற்கு வாழ்க்கை முழுக்க ஒரு கெமிக்கலைத் தடவ வேண்டும்? நான் எட்டு மாதமாக ரோஸ்மேரி மட்டும்தான். முன்நெற்றி ஓரத்தில் குட்டி குட்டி முடி வருகிறது, கண்ணாலேயே தெரிகிறது. எரிச்சல் முதலில் இருக்கும், ரத்த ஓட்டம் அதிகமாகிறது என்று அர்த்தம், பழகிவிடும்.

பழைய_வண்ணை_பெரியவர்

தம்பி, எல்லாவற்றுக்கும் காரணம் இந்த போர் தண்ணீர். எங்கள் தெருவில் பக்கெட்டில் பிடித்து வைத்தால் மறுநாள் வெள்ளையாகப் படிந்து நிற்கிறது, அதை ஊற்றினால் முடி எப்படி நிற்கும்? லாரி தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ பிடித்துத் தலைக்கு ஊற்று. சனிக்கிழமை சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளி. எனக்கு 68 வயது, இன்னும் தலை நிறைய இருக்கிறது.

பெரம்பூர்_மருந்துக்கடை

இந்தத் தம்பிக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நான் மருந்தாளுநர், கவுன்டரில் வாரத்துக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள்.

முதலில் எரிச்சல். எரிச்சல் வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, தோல் புண்படுகிறது என்றுதான் அர்த்தம். சதீஷ் தம்பி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. ஒரு டீஸ்பூன் 5 மில்லி. அதில் 15 சொட்டு என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. தலைத் தோலுக்கு 1 சதவீதத்தில் ஆரம்பித்து 2 சதவீதத்தோடு நிற்க வேண்டிய பொருள் அது. தண்ணீர் ஊற்றியும் போகாததற்குக் காரணம், அது எண்ணெய், தண்ணீரில் கரையாது. இனிமேல் யாருக்காவது இப்படி ஆனால், முதலில் வெறும் தேங்காய் எண்ணெயை எரியும் இடத்தில் தாராளமாகத் தடவிப் பஞ்சால் துடைத்து எடுங்கள், அப்புறம் ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசுங்கள். தம்பி, உனக்குத் தலையில் சிவப்பு அடங்கும்வரை ரோஸ்மேரியைத் தொடாதே. தோல் புண்ணாக இருக்கும்போது மினாக்சிடிலும் கூடுதலாக உள்ளே இறங்கும், அதனால் சிவப்பு இருக்கிற இரண்டு மூன்று நாள் அதையும் தள்ளி வை, டாக்டருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு.

இரண்டாவது, இந்த ஆறாவது வாரத்து முடி உதிர்தல். மினாக்சிடில் தடவும்போது, வளராமல் ஓய்வில் நிற்கிற பழைய முடிகள் சீக்கிரம் கழன்று அடுத்த முடிக்கு வழி விடுகின்றன. அதனால் இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைக்கும் சிலருக்கு முன்பைவிட அதிகமாகக் கொட்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சரியாக இந்த இடத்தில்தான் பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். கொட்டினதும் கொட்டினது, வளர்ந்து வருவதும் நின்றுவிடும், இரண்டு பக்கமும் நஷ்டம். குறைந்தது நாலு மாதம், சரியாகச் சொன்னால் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் இது பிடிக்கிறதா இல்லையா என்று முடிவெடுக்க முடியும். மூன்றாவது மாதம் முடிந்தும் இதே அளவு கொட்டினால் அப்போது டாக்டரைப் பார்.

மூன்றாவது, அந்த 2015 ஆராய்ச்சி. சதீஷ் சொன்ன எண்ணிக்கை சரி, சொல்லாமல் விட்டதுதான் முக்கியம். அதில் ஒப்பிட்டது 2% மினாக்சிடிலோடு. உனக்கு எழுதியிருப்பது 5%. ஆண்களுக்கு 2 சதவீதத்தைவிட 5 சதவீதம் நன்றாக வேலை செய்கிறது என்பது 2002லேயே தனி ஆராய்ச்சியில் வந்துவிட்டது. இன்னொன்று, அந்த ஈரான் ஆராய்ச்சியில் மூன்றாவது மாதம் இரண்டு கூட்டத்திலும் மாற்றம் எதுவும் தெரியவில்லை, ஆறாவது மாதம்தான் எண்ணிக்கை கொஞ்சம் கூடியது, அதுவும் இரண்டு பக்கமும் சிறிய அளவில்தான். சும்மா வெறும் லோஷனைத் தடவின மூன்றாவது கூட்டம் ஒன்று வைக்கவே இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால்தான் இந்தச் சிறிய ஏற்றம் மருந்தால் வந்ததா, ஆறு மாதம் ஒழுங்காகத் தலையைப் பார்த்துக்கொண்டதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

ராயபுரம்_அம்மா

நானும் இதையே கேட்க நினைத்தேன். எனக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம், சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வருகிறது, வகிடு அகலமாகத் தெரிகிறது. மாமியார் ரோஸ்மேரி வாங்கி வைத்திருக்கிறார். 1% என்று சொன்னீர்களே அக்கா, அதை நான் தடவலாமா? தாய்ப்பால் கொடுக்கிறேன்.

பெரம்பூர்_மருந்துக்கடை

இல்லம்மா, உன் விஷயம் அந்தத் தம்பியோடது இல்லை. கர்ப்பத்தின்போது கொட்டாமல் நின்ற முடிகள் எல்லாம் பிரசவத்துக்குப் பிறகு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய் மூன்று நாலு மாதத்தில் சேர்ந்து விழுகின்றன. பெரும்பாலும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் தானாகத் திரும்பிவிடும். டெங்கு, டைஃபாய்டு மாதிரி பெரிய காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவதும் இதே வகைதான். இதற்கு ரோஸ்மேரியும் வேண்டாம், மினாக்சிடிலும் வேண்டாம், பால் கொடுக்கும்போது இரண்டையும் நாமாகத் தொடக் கூடாது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருந்தால் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும், கூடவே தைராய்டும் ஒரு முறை பார்த்துவிடு. ஒரு வயதுக்குப் பிறகும் வகிடு அகலமாகவே இருந்தால் ஸ்டான்லியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காட்டு.

மிண்ட்_சலூன்

நான் முடி வெட்டுகிறவன், 19 வருடத் தொழில். ஒன்றே ஒன்று சொல்கிறேன். ரோஸ்மேரி தடவுகிறேன் என்று வருகிறவர்களில் சில பேர் தலையைப் பார்த்தால் வேரில் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு பொடுகு ஒட்டிக்கொண்டிருக்கும், சீப்பு போட்டால் படலம் படலமாக வரும். விசாரித்தால் ராத்திரி தடவி காலையில் அலசாமலே வேலைக்குப் போயிருப்பார்கள். நம்ம ஊர் வெக்கைக்கு, ஹெல்மெட் வேறு. எண்ணெயை நிறுத்திவிட்டு டாக்டர் சொன்ன கீட்டோகோனசோல் ஷாம்பு போட்ட பிறகுதான் அந்தத் தலை ஆறும், நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். அரிப்பில் சொறிந்து சொறிந்து முடியை இழந்தவர்களும் உண்டு.

பெரியவர் சொன்ன உப்புத் தண்ணீரைப் பற்றி: அதில் முடி சொரசொரப்பாகும், நடுவில் ஒடியும். என் கத்தரிக்குத் தெரியும். ஆனால் ஒடிந்த முடிக்கு வேர் முனை இருக்காது. வேரோடு வந்தால் ஒரு முனையில் வெள்ளையாகக் குட்டிக் குமிழ் இருக்கும். தம்பி, நீ எண்ணின முடியில் அது இருந்ததா? அப்புறம், தண்ணீரால் கெட்டுப் போனால் தலை முழுக்கத்தான் கெடும், பின்மண்டை அடர்த்தியாக இருந்து உச்சி மட்டும் மெலியாது.

பழைய_வண்ணை_பெரியவர்

சலூன்காரர் சொல்வது ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், என் தம்பிக்கும் இதே தண்ணீர்தான், அவனுக்குச் சொட்டை. இருந்தாலும் கடைசித் தண்ணீராவது நல்ல தண்ணீர் ஊற்றுங்கள் என்பேன்.

கொருக்குப்பேட்டை27

இருந்தது அண்ணா. நாலைந்து முடியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், குமிழ் இருக்கிறது. சில முடி கட்டையாகவும் சில முடி பஞ்சு மாதிரி மெலிசாகவும் இருக்கிறது. பின்மண்டை அடர்த்தியாகத்தான் இருக்கிறது.

அக்கா, சிவப்பு அடங்கிவிட்டது. டாக்டரும் மினாக்சிடிலைத் தொடரச் சொன்னார், நிறுத்த மாட்டேன். ஆனால் ரோஸ்மேரியைக் கூடவே முறையாகத் தடவிப் பார்க்க ஆசை. எவ்வளவு, எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா? சொட்டுக் கணக்கு ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பெரம்பூர்_மருந்துக்கடை

சொட்டை நம்பாதே, அதனால்தான் எல்லாரும் சொதப்புகிறார்கள். பாட்டில் மூடிக்கு மூடி சொட்டின் அளவு மாறும். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சு வாங்கிக்கொள். 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 0.3 மில்லி ரோஸ்மேரி, அதுதான் 1 சதவீதம். ஒரு மாதம் தொல்லை இல்லாமல் போனால் 0.6 மில்லி வரைக்கும் போகலாம், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். அந்த ஈரான் லோஷனில் ரோஸ்மேரியின் முக்கியமான வாசனைப் பொருளான சினியோல் ஒரு மில்லிக்கு 3.7 மில்லிகிராம்தான் இருந்தது. ரோஸ்மேரி எண்ணெயில் சினியோல் சாதாரணமாக ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கும். கணக்குப் போட்டுப் பார், அவர்கள் தடவினதும் 1, 2 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. கூட்டினால் கூடுதலாக முளைக்கும் என்பதற்கு அதில் எந்த இடமும் இல்லை.

கலப்பதற்கு முன்னால் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படி. ரோஸ்மேரினஸ் அஃபிசினாலிஸ் அல்லது சால்வியா ரோஸ்மேரினஸ் என்று செடியின் பெயர் இருக்க வேண்டும். வெறும் வாசனை எண்ணெய் என்று போட்டிருந்தால் அது ஊதுபத்திக்கும் மெழுகுவர்த்திக்கும் போடுகிற சமாச்சாரம், தலைக்கு இல்லை. யூக்கலிப்டஸ் எண்ணெயைக் கலந்து விற்பதும் உண்டு, அதிலும் சினியோல்தான் அதிகம் என்பதால் மூக்கை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனாலும் அப்பட்டமாக நீலகிரித் தைலம் மாதிரியே அடித்தால் சந்தேகப்படு.

கலந்ததை முழங்கை உள்பக்கத்தில் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் விடு. ஒவ்வாமை உடனே வராது, இரண்டாம் நாள்தான் அரித்துச் சிவக்கும், அதனால் ஒரு ராத்திரி பார்த்துவிட்டு சரி என்று சொல்லிவிடாதே. வலிப்பு இருப்பவர்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம், ரோஸ்மேரியில் கற்பூரம் இருக்கிறது. குழந்தைகள் தலையிலும் வேண்டாம்.

தடவுகிற விதம்: தலைக்குக் குளிக்கிற நாளில், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு. மொத்தமாக 3, 4 மில்லி போதும், வழிய வழிய ஊற்றாதே. முடியை வகிடெடுத்துப் பிரித்து, மெலிந்த இடத்தில் தோலில் மட்டும் விரல் நுனியால் தொட்டு வை. பிறகு விரல்களைத் தோலின் மேல் ஊன்றி, தோல் மண்டையோட்டின் மேல் நகர்கிற மாதிரி சின்னச் சின்ன வட்டமாக நாலைந்து நிமிடம் அழுத்து. விரல் முடி மேல் வழுக்கி ஓடினால் அது மசாஜ் இல்லை, முடியை இழுத்துப் பிய்ப்பதுதான். நகம் படக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஷாம்பு போட்டு முழுசாக எடுத்துவிடு. வாரத்தில் இரண்டு நாள் போதும். மினாக்சிடில் காய்ந்த, எண்ணெய் இல்லாத தோலில்தான் போக வேண்டும், தடவி நாலு மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. அதனால் சாயந்திரம் எண்ணெய், குளியல், தலை நன்றாகக் காய்ந்த பிறகு ராத்திரி மினாக்சிடில். எண்ணெய்க்கு மேல் அதைப் போட்டால் வீண்.

எருக்கஞ்சேரி_சதீஷ்

அக்கா, 2% விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். வீடியோவில் அதை யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அந்த ஆராய்ச்சியில் தினமும் லோஷனாகத் தடவினார்கள், நீங்கள் வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் வைத்து அலசச் சொல்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் நீங்கள் சொல்வதற்கும் ஆதாரம் இல்லையே? எனக்கு வந்த குட்டி முடி பொய்யா?

பெரம்பூர்_மருந்துக்கடை

நியாயமான கேள்வி. வாரம் இரண்டு நாள் எண்ணெயில் கலந்து வைத்து அலசுவதால் முடி முளைக்கும் என்று நான் சொல்லவே இல்லை, தோலைக் கெடுக்காமல் முயற்சி செய்ய ஒரு வழி சொன்னேன், அவ்வளவுதான். தினமும் எண்ணெய் வைத்தால் நம் ஊரில் சலூன் அண்ணன் சொன்ன பொடுகுதான் மிஞ்சும். மசாஜால் மட்டும் ஏதாவது நடக்கிறதா என்று ஜப்பானில் 2016ல் பார்த்தார்கள், தினம் 4 நிமிடம், 24 வாரம், முடி கொஞ்சம் கட்டையானது, எண்ணிக்கை கூடவில்லை. அதுவும் ஒன்பதே ஒன்பது ஆண்கள், சொட்டை இல்லாதவர்கள். அதனால் உனக்கு வந்தது எண்ணெயாலா, விரலாலா, பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பழைய போட்டோ வைத்திருக்கிறாயா? நெற்றி ஓரத்தில் குட்டி முடி எல்லாருக்கும் எப்போதும் உண்டு, அதை முன்பு கவனித்திருக்க மாட்டாய்.

எருக்கஞ்சேரி_சதீஷ்

போட்டோ எடுக்கவில்லை. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கும் மினாக்சிடிலுக்கும் போக எனக்கு மனசில்லை. இன்று முதல் போட்டோ எடுக்கிறேன். உச்சியையும் சேர்த்து எடுக்கிறேன்.

பெரம்பூர்_மருந்துக்கடை

உன் தலை, உன் முடிவு தம்பி. ஒன்று மட்டும் கணக்கில் வை: பரம்பரைச் சொட்டை காத்துக்கொண்டிருக்காது. வேர் சுருங்கிச் சுருங்கி முழுசாக மூடிவிட்டால் எந்த மருந்தும் அதைத் திறக்காது. ஆறு மாதம் கழித்து உச்சி போட்டோவில் மெலிந்திருந்தால் அப்போதாவது டாக்டரைப் பார். போட்டோ ஒரே ஜன்னல், ஒரே நேரம், காய்ந்த தலை, ஒரே வகிடு. ஈரத்தலையில் எடுத்தால் எல்லாருக்கும் சொட்டை மாதிரிதான் தெரியும்.

கொருக்குப்பேட்டை27

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், இப்போது பதினொன்றாவது வாரம். அந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், செடியின் பெயரே இல்லை, அடியில் பொடி எழுத்தில் வாசனை எண்ணெய் என்று இருந்தது. அதைத்தான் தலையில் பத்து சதவீதம் தேய்த்திருக்கிறேன். அண்ணனிடமும் காட்டினேன், அவர் மனைவியும் அதையே தடவிக்கொண்டிருந்தாராம், நிறுத்திவிட்டார்.

ஊட்டியிலிருந்து வரவழைத்த வேறு பாட்டில் வாங்கினேன், செடியின் பெயர் இருக்கிறது. அதன் மூடியிலிருந்து சிரிஞ்சில் சொட்டு சொட்டாக விட்டுப் பார்த்தேன், 1 மில்லிக்கு 27 சொட்டு வந்தது. பழைய பாட்டில் மூடியில் 20தான். அக்கா சொன்ன மாதிரியே சொட்டை நம்பக் கூடாது. முழங்கையில் இரண்டு நாள் எதுவும் வரவில்லை. புதனும் ஞாயிறும் சாயந்திரம் தடவுகிறேன், எரிச்சல் இல்லை. பாட்டிலைப் பேப்பரில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

சல்லடையில் எண்ணினேன், போன ஞாயிறு 60க்குப் பக்கம். குறைந்தது மினாக்சிடிலின் உதிர்தல் முடிந்ததால்தான் என்று நினைக்கிறேன், ரோஸ்மேரி ஆரம்பித்தே நாலு வாரம்தான் ஆகிறது. போட்டோவில் உச்சி அதேதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மிண்ட்_சலூன்

அடுத்த முறை முடி வெட்ட வரும்போது உச்சியை மட்டும் ரொம்பக் குட்டையாக வைக்காதே தம்பி, போட்டோவில் ஒப்பிட முடியாமல் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஒரே நீளத்தில் விடச் சொல்.